முடிவெடுக்காத 12 சதவீதம் எங்கே போனது?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் வந்த தேர்தல் கருத்துக்கணிப்பை இரண்டு முறை படித்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் கள ஆய்வுகளில் மேற்பார்வையாளராக இருந்தவன் என்பதால் கண் முதலில் போனது படத்தின் கீழே இருந்த பொடி எழுத்துக்குத்தான். 1,000 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். 420 பேர் ஒரு கட்சி, 390 பேர் இன்னொரு கட்சி, 70 பேர் மற்றவை, 120 பேர் 'இன்னும் முடிவு செய்யவில்லை'. கட்சிகளை அ, ஆ என்றே வைத்துக்கொள்கிறேன். பெயரைப் போட்டால் வாசகர்கள் கணக்கை விட்டுவிட்டுக் கட்சியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

மேலே இருந்த பெரிய படத்தில் அந்த 120 பேரைக் காணவில்லை. அ 47.7, ஆ 44.3, மற்றவை 8. அதாவது 120 பேரை ஓரமாக வைத்துவிட்டு, மீதி 880 பேரை நூறாக்கியிருக்கிறார்கள். 'நாங்கள் யாருக்கும் சேர்க்கவில்லை, யாரிடமிருந்தும் எடுக்கவில்லை' என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். அது சரியில்லை. விட்டுவிடுவதும், முடிவு சொன்னவர்கள் பிரிந்த அதே விகிதத்தில் இவர்களைப் பிரித்துக் கொடுப்பதும் கணக்கில் ஒன்றேதான். எப்படிச் செய்தாலும் 47.7, 44.3 தான் வரும். ஆக, இவர்களும் மற்றவர்களைப் போலவே வாக்களிப்பார்கள் என்ற ஊகம் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டது. அந்த 120 பேரும் இரு கட்சிகளுக்குள்ளேயே பிரிந்து வாக்களித்தால், அதில் 75 பேர் ஆ பக்கம் சாய்ந்தாலே இரு கட்சிகளும் 465 என்று சமமாகிவிடும். எட்டில் ஐந்து பேர் ஒரே பக்கம் சாய்வது நடக்காத காரியமா?

1948இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. கேலப் நிறுவனத்தின் கடைசிக் கணிப்பு டூயிக்கு 49.5, ட்ரூமனுக்கு 44.5. எண்ணி முடித்தபோது கிட்டத்தட்ட அதே எண்கள் இடம் மாறியிருந்தன. ட்ரூமன் 49.5ஐ ஒட்டி, டூயி 45. பிறகு ஆராய்ந்த நிபுணர் குழு கண்ட காரணங்களில் ஒன்று, முடிவெடுக்காதவர்களையும் கடைசி நாட்களில் மனம் மாறியவர்களையும் கணிப்பாளர்கள் பொருட்படுத்தாதது.

'முடிவு செய்யவில்லை' என்ற கட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்பது களத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வீட்டு வாசலில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் ஆய்வுக் குழுப் பெண் ஒருவர் வினாத்தாளோடு ஒரு மருமகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாக் கேள்விக்கும் டக் டக்கென்று பதில் வந்தது. 'யாருக்கு வாக்களிப்பீர்கள்?' என்றதும் அந்தம்மா உள்ளே சாய்வு நாற்காலியில் இருந்த மாமனாரை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, 'இன்னும் யோசிக்கலைங்க' என்றார். எங்கள் பெண்ணும் அந்தக் கட்டத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்தம்மா என்றைக்கோ முடிவெடுத்துவிட்டவர். இதற்காகத்தான் மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, குறி போட்டு மடித்துப் பெட்டியில் போடச் சொல்லும் முறை இருக்கிறது. பெட்டி இருந்தால் மாமனார் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஆக அந்தக் கட்டத்தில் மூன்று வகை ஆட்கள் கலந்திருக்கிறார்கள். முடிவெடுத்துவிட்டுச் சொல்லாதவர்கள், உண்மையிலேயே ஊசலாடுகிறவர்கள், வாக்குச் சாவடிப் பக்கமே போகாதவர்கள். கடைசி வகையினருக்கு 'வாக்களிக்க மாட்டேன்' என்று சொல்லக் கூச்சம். மூவரையும் ஒரே கரண்டியால் அள்ளிப் பரிமாறினால் கணக்கு கெடும்.

பிரிப்பதற்கு முதல் வழி, இன்னொரு கேள்வி. 'நாளைக்கே தேர்தல் என்றால் எந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வீர்கள்?' உங்கள் 120 பேரிடம் இதைக் கேட்டதாக வைத்துக்கொள்வோம் (இனி வருபவை விளக்கத்துக்காக நான் போடும் எண்கள்). 18 பேர் அ, 30 பேர் ஆ, 2 பேர் மற்றவை. மீதி 70 பேர் அசையவில்லை. இரண்டாவது வழி, சென்ற தேர்தலில் யாருக்குப் போட்டார்கள் என்று பார்ப்பது. இந்த 70 பேரில் 12 பேர் அன்று அ, 30 பேர் ஆ. மற்ற 28 பேர் போடவில்லை, அல்லது நினைவில்லை. பிரிட்டனில் 1992 தேர்தலில் கணிப்புகள் பெரிதாகச் சறுக்கின. நெருக்கமான போட்டி என்றார்கள், கன்சர்வேட்டிவ் கட்சி ஏழு புள்ளிக்கு மேல் முந்தியது. அதற்குப் பின் ஐசிஎம் என்ற கணிப்பு நிறுவனம் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. வாய் திறக்காதவர்களில் பாதிப் பேரைச் சென்ற முறை போட்ட கட்சியிலேயே சேர்ப்பது. அதன்படி இங்கே 6 பேர் அ, 15 பேர் ஆ. இப்போது அ 444, ஆ 435, மற்றவை 72, மொத்தம் 951. சதவீதத்தில் அ 46.7, ஆ 45.7. நீங்கள் போட்ட 3.4 புள்ளி முன்னிலை ஒரு புள்ளியாகச் சுருங்கிவிட்டது.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. சென்ற முறை வென்ற கட்சிக்குத்தான் போட்டேன் என்று சொல்பவர்கள், உண்மையில் போட்டவர்களைவிடப் பெரும்பாலும் அதிகம். நினைவும் வெற்றி பெற்றவர் பக்கமே சாயும். அதனால்தான் பாதி என்று நிறுத்துகிறார்கள். ஏன் சரியாகப் பாதி என்றால் அது அனுபவக் கணக்குதான், சூத்திரம் எதுவும் கிடையாது.

இதைவிடப் பெரிய தலைவலி, வந்து வாக்களிக்கப்போவது யார் என்பது. 'வாக்களிப்பீர்களா?' என்று நேராகக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் 'கண்டிப்பாக' என்பார்கள். அதனால் கேள்வியிலேயே ஒரு சாக்கு வைத்துக் கேட்போம். 'போன தடவை பலருக்கு வேலை, உடம்பு சரியில்லை என்று போக முடியாமல் போய்விட்டது. உங்களுக்கு எப்படி?' என்றால் 'ஆமாங்க, அன்னைக்கு முடியலை' என்று உண்மை வெளியே வரும். கூடவே, ஒன்று முதல் பத்துக்குள் எத்தனை உறுதி என்றும் கேட்போம்.

மேலே வந்த 951 பேரை இப்படிப் பிரித்ததாக வைப்போம். அ பக்கம் முழு உறுதி 280, நடுத்தரம் 110, பலவீனம் 54. ஆ பக்கம் 310, 85, 40. மற்றவை 40, 20, 12. ஆ கட்சியின் ஆட்கள் கொஞ்சம் வயதானவர்கள், தவறாமல் வருபவர்கள் என்று கதை சொல்லிக்கொள்ளலாம். பல நிறுவனங்கள் ஒரு கோடு போட்டு, உறுதியானவர்களை மட்டும் எண்ணும். அப்படிச் செய்தால் அ 44.4, ஆ 49.2. ஆ கிட்டத்தட்ட ஐந்து புள்ளி முன்னால்! எனக்கு இந்தக் கோடு போடும் முறையில் நம்பிக்கை கிடையாது. பலவீனமானவர்களில் நான்கில் ஒருவர் வந்தாலும் அந்த வாக்கு வாக்குதான், உறுதியாகச் சொன்னவர்களிலும் சிலர் வரமாட்டார்கள். மேலும் ஒரு வாரம் ஒரு கட்சிக்கு நல்ல செய்தி வந்தால் அதன் ஆதரவாளர்கள் உற்சாகத்தில் 'பத்து' என்பார்கள், மற்றவர்கள் சோர்ந்துபோய் 'எட்டு' என்பார்கள். ஒருவர்கூடக் கட்சி மாறியிருக்கமாட்டார், ஆனால் கோட்டைத் தாண்டிய ஆட்கள் மாறியிருப்பார்கள். மறுநாள் பத்திரிகையில் 'அலை திரும்பியது' என்று தலைப்பு வரும்.

அதற்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் ஒரு எடை கொடுக்கலாம். உறுதிக்கு 0.85, நடுத்தரத்துக்கு 0.55, பலவீனத்துக்கு 0.25. பெருக்கிக் கூட்டினால் அவுக்கு 312, ஆவுக்கு ஏறத்தாழ 320, மற்றவைக்கு 48. சதவீதத்தில் அ 45.9, ஆ 47.1. இந்த முறையில் இன்னொரு வசதி உண்டு. எடைகளின் கூட்டு 680, 951இல் 71.5 சதவீதம். சென்ற தேர்தலில் உண்மையில் பதிவான சதவீதத்தோடு இதை ஒப்பிடலாம். அன்று 60 பதிவாகியிருக்க இங்கே 71.5 வந்தால், அதற்கு நல்ல காரணம் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். இல்லையென்றால் எடைகளைக் குறைத்தாக வேண்டும்.

எடைகள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் சண்டை. மக்கள் சொன்னதை நம்புவதா, வயது, வகுப்பு பார்த்துப் பழைய தேர்தல் பழக்கத்தை நம்புவதா? 2017இல் பிரிட்டனில் ஐசிஎம் உள்ளிட்ட சில நிறுவனங்கள் பழைய பழக்கத்தின் பக்கம் சாய்ந்து, இளைஞர்களுக்கு எடையைக் குறைத்தன. ஐசிஎம்மின் கடைசிக் கணிப்பில் கன்சர்வேட்டிவ் 12 புள்ளி முன்னால். சர்வேஷன் என்ற நிறுவனம் ஒரே ஒரு புள்ளி என்றது. முடிவில் வித்தியாசம் இரண்டரைப் புள்ளி அளவுதான். அதற்கு இரண்டே ஆண்டு முன்பு, 2015இல், கணிப்புகள் எல்லாமே லேபர் கட்சியைக் கூட்டிக் காட்டித் தவறியிருந்தன. அந்தப் பிழையைத் திருத்தப் போய் மறுபக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

மொத்தத்தில் ஒரே 1,000 பேரின் பதில்களிலிருந்து நான்கு முடிவுகள் வந்துவிட்டன: அ 3.4 புள்ளி முன்னால், அ 1, ஆ 1.2, ஆ 4.8. ஒரு பதிலையும் நான் மாற்றவில்லை. இது காகிதத்தில் மட்டும் நடக்கும் வித்தை என்று நினைக்க வேண்டாம். 2016 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ், ஃபுளோரிடாவில் 867 வாக்காளர்களிடம் எடுத்த பதில்களை அப்படியே நான்கு கணிப்புக் குழுக்களிடம் கொடுத்தது. ஒரு குழு கிளிண்டன் 4 புள்ளி முன்னால் என்றது, இன்னொன்று 3, இன்னொன்று 1, நான்காவது ட்ரம்ப் 1 புள்ளி முன்னால் என்றது. பத்திரிகையின் சொந்தக் கணக்கு கிளிண்டன் 1. தேர்தலில் ட்ரம்ப் ஒரு புள்ளிக்குச் சற்று மேல் முந்தினார். அதற்காக நான்காவது குழுவுக்கு மாலை போட முடியாது, இடையில் இரண்டு மாதம் ஓடியிருந்தது.

உங்கள் செய்தியில் 'பிழை வரம்பு ±3 சதவீதம்' என்று ஒரு வரி இருந்தது. அது 1,000 பேரைத் தற்செயலாகத் தேர்ந்தெடுப்பதில் வரும் ஏற்ற இறக்கம் மட்டுமே. 120 பேரை எப்படிப் பிரித்தீர்கள், யார் வருவார் என்று எப்படிக் கணித்தீர்கள் என்பதில் வரும் பிழை அந்த ±3க்குள் அடங்காது. போதாக்குறைக்கு அந்த 3 ஒரு கட்சியின் சதவீதத்துக்கானது, இரு கட்சிகளுக்கும் இடையிலான முன்னிலைக்கு அது ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

தேர்தலுக்கு முன் இன்னொரு கணிப்பு வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் பெரிய படத்தை எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். கீழே நான்கு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள்: திருத்தம் எதுவும் செய்யாத எண்ணிக்கை, 'முடிவு செய்யவில்லை' என்றவர்களை எந்த விதிப்படி பிரித்தீர்கள், வாக்களிப்பார் என்று யாரை எண்ணினீர்கள், அதன்படி மொத்த வாக்குப்பதிவு எத்தனை சதவீதம் வருகிறது. நிறுவனத்திடம் கேட்டால் ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடுவார்கள், அவர்கள் கணினியில் அது ஏற்கெனவே இருக்கும். கேள்விகளை வீட்டார் முன்னிலையில் கேட்டார்களா, தனியாகக் கேட்டார்களா என்பதையும் விசாரித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கள ஆய்வு மேற்பார்வையாளர்