கரும்பு வேண்டாம், அகல் போடு

அன்புள்ள மகளுக்கு,

பொங்கலுக்கு உங்கள் தெருமுனையில் கரும்புக் கடை போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பேன். போகி வரை நல்ல விலைக்குப் போகும் கரும்பைப் பொங்கலன்று மத்தியானம் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மிஞ்சினால் மாட்டுக்குத்தான். முதல் முறை கடை போடுகிறவளுக்கு, மிஞ்சினாலும் கெடாத சரக்குதான் சரி. அதனால் கார்த்திகைக்கு அகல் விளக்கு போடு.

நான் மானாமதுரையிலிருந்து எடுத்தேன், உனக்குக் கொசப்பேட்டையே பக்கம். ஆனால் ஐப்பசியில் போய் நிற்காதே. மழை பிடித்துவிட்டால் பச்சை மண் காயாது, சூளையும் சரியாக எரியாது. அந்த நேரத்தில் அவசரமாகச் சுட்டது அரைவேக்காடாகத்தான் வரும். ஆவணியிலேயே சொல்லி வைத்து, புரட்டாசியில் வாங்கிவிடு.

வாங்கும்போது நகத்தால் தட்டிப் பார். நன்றாக வெந்தது கணீரென்று சொல்லும், வேகாதது மொத்தென்று கேட்கும். சந்தேகமாக இருந்தால் ஒன்றை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வை. காலையில் விளிம்பு விரலோடு கரைந்து வந்தால் அந்த லாட்டே வேண்டாம். நல்ல அகலும் கொஞ்சம் எண்ணெய் குடிக்கும். ஏற்றுவதற்கு முன் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தால் குறையும். வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லிக் கொடு. சொல்லாமல் விட்ட வருஷம் மறுநாள் சண்டைக்கு வந்தார்கள்.

என் முதல் வருஷக் கணக்கைக் கேள். 2,000 அகல், ஒன்று ஒன்றரை ரூபாய், ஆக 3,000. வண்டி 600. மேஜை வாடகையும் தார்ப்பாயும் 400. ஐந்து அகல் இருபது ரூபாய் என்று விற்றேன். 1,500 போயின, கையில் 6,000. திரி விற்றதில் 400 ரூபாய் லாபம் நின்றது. எல்லாம் போக மிச்சம் 2,400. இறக்கும்போதும் அடுக்கும்போதும் 110 உடைந்தன. வைக்கோல் வைத்து அடுக்கியிருந்தால் இவ்வளவு போயிருக்காது. மீதி 390 கட்டிலுக்கடியில் கிடந்து அடுத்த கார்த்திகைக்கு விற்றன.

வண்ணம் பூசிய அகலுக்கு ஆசைப்படாதே. நான் 300 அகலுக்குப் பெயிண்ட் அடித்து, ஈரம் போகாமலே செய்தித்தாளில் சுற்றி வைத்தேன். எல்லாவற்றிலும் தலைப்புச் செய்தி ஒட்டிக்கொண்டது! திரி வைக்கும் மூக்கில் பெயிண்ட் இருந்தால் கருகி நாற்றமும் அடிக்கும். அப்பா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

கடை மூன்று வாரம் என்றாலும் வியாபாரம் கடைசி மூன்று நாள்தான். முதல் வாரம் காலையெல்லாம் உட்கார்ந்து ஏமாறாதே. சாயங்காலம் மட்டும் போடு. பரணி தீபத்துக்கு முந்தின நாளிலிருந்து மட்டும் லீவு எடு.

1,000 அகலுக்கு மேல் சொல்லி வைக்காதே. உன் வீட்டில் கட்டிலுக்கடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிட்டு எழுது.

அன்புடன்,
அம்மா