சத்துணவுக் கூடத்துச் சுவர் ஓட்டையை வட்டமாக வெட்டித் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஒன்றியப் பொறியாளர் ஐயா அவர்களுக்கு,

எங்கள் ஊர்ப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிய விவரம் உங்களுக்கே தெரியும். நான் தருமபுரிப் பக்கத்துக் கொத்தனார், ஓசூர் பெங்களூர் என்று கட்டட வேலை பார்த்தவன், என் மகள் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். நான் கேட்பது ஒன்றுதான்: ஃபேனுக்காகச் சுவரில் உடைத்த ஓட்டையை அடைத்துவிட்டு, வட்டமாகத் திரும்ப வெட்டித் தாருங்கள்.

வந்த ஆட்கள் உள்ளே நின்றுகொண்டு சம்மட்டியால் அடித்தார்கள். ஒரே பக்கமாக அடித்தால் வெளிப்பக்கச் செங்கல் பெயர்ந்து விழும், விழுந்தது. பிரேமைச் சுற்றி நான்கு விரல் நுழைகிற இடைவெளி. ஃபேன் ஓடும்போது அந்தச் சந்தில் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தேன், புகை அறைக்குள்ளேதான் வந்தது. வெளியே தள்ளிய காற்றே சந்து வழியாகத் திரும்பி வருகிறது. தாளிக்கிற நேரத்தில் சமையல்காரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இருமிக்கொண்டே கரண்டி பிடிக்கிறார். ஃபேன் சும்மா ஓடவில்லை ஐயா, கரண்ட் பில் கட்டித்தான் ஓடுகிறது.

இது பெரிய வேலையும் இல்லை. ஃபேனின் வளையம் வெளி விட்டம் 13 அங்குலம் என்றால் ஓட்டை பதின்மூன்றரை போதும், அப்படியானால் வட்டம் போட ஆணியில் கட்டும் நூல் ஆறே முக்கால் அங்குலம். முதலில் நடுவில் நீள பிட் போட்டு ஒன்பது அங்குலச் சுவரையும் நேராகத் துளைக்க வேண்டும். அதே துளையை மையமாக வைத்து வெளியிலும் வட்டம் போடலாம், இரண்டு வட்டமும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும். கோட்டின் மேலேயே நெருக்கமாக டிரில் துளைகள் போட்டு, உளியால் இரண்டு பக்கமிருந்தும் பாதி பாதியாக நடுவை நோக்கி எடுத்தால் ஓரம் சிதறாது. அடிப்பாகத்தை வெளிப்பக்கம் லேசாகச் சரித்துவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே வராது.

சுவரை வட்டமாக அறுக்கும் கோர் கட்டிங் மெஷின் வைத்திருப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் இப்போது ஆடிக்கொண்டிருக்கிற கற்களை எடுத்து, புதுச் செங்கல் வைத்துக் கட்டி, ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றி இறுகவிட்ட பிறகுதான் எதை வைத்தும் வெட்ட வேண்டும். இறுகாத ஈரச் சுவரில் டிரில் வைத்தால் எல்லாம் மறுபடி பெயரும்.

பிரேம் திருகாணிகள் இப்போது பூச்சில்தான் பிடித்திருக்கின்றன. செங்கலுக்குள் இறங்க வேண்டும், ஓட்டை ஓரத்தை ஒட்டிப் போடவும் கூடாது. ஒரு மூலையை மட்டும் இறுக்கினால் பிரேம் முறுக்கிக்கொண்டு இறக்கை உரசும். நான்கையும் மாறி மாறி இறுக்கி, கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் இடைவெளியைக் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள்.

பள்ளிக் கழிப்பறைக் கதவையும் இப்படித்தான் மாட்டிவிட்டுப் போனார்கள். வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் யாராவது ஒருவர் வந்து பார்க்கக் கூடாதா? சரி, அதை இன்னொரு மடலில் எழுதுகிறேன்.

இடைவெளியை மட்டும் பூசிவிட்டுப் போக வேண்டாம் ஐயா, ஆடுகிற கல்லில் பூச்சு நிற்காது. அடுத்த விடுமுறையிலேயே ஓட்டையைத் திரும்ப வெட்டிக் கொடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கூப்பிட்டால் நூல் பிடிக்க நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா