நாலாவது கட்டத்துக்கும் ஐந்தாவது கட்டத்துக்கும் நடுவே

ஆசிரியருக்கு வணக்கம்.

அழுத்தி எடுக்கும் இன்ஹேலரை எப்படிப் பயன்படுத்துவது என்று உங்கள் இதழில் இரண்டு வார இடைவெளியில் இரண்டு விளக்கப்படங்கள் வந்தன. முதலாவது வண்ணப்படம், ஆறு கட்டங்கள். அடுத்தது கறுப்பு வெள்ளை. ஒரு பக்கவாட்டு முகம், அதன் கீழே சதுரக் கட்டம் போட்ட தாளில் மூன்று வரிகள். வாசகர் பகுதியில் எல்லோரும் முதல் படத்தைப் பாராட்டியிருந்தார்கள். இரண்டாவதை "புரியவில்லை" என்று இருவர் எழுதியிருந்தார்கள். மருந்தாளுநராக இந்தக் கருவியைத் தினமும் யாருக்காவது கற்றுக்கொடுக்கிறவன் நான். எனக்கு இதில் வேறு கருத்து இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வகை இன்ஹேலர் 1956-ல் விற்பனைக்கு வந்தது. அதில் கஷ்டமான இடம் அன்றும் ஒன்றுதான், இன்றும் ஒன்றுதான். மூச்சை உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே மேலே உள்ள குப்பியை அழுத்த வேண்டும், அழுத்திய பிறகும் அதே மூச்சை விடாமல் மெதுவாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கையும் மூச்சும் சேர்ந்து செய்யும் வேலை இது. மருந்து குப்பியிலிருந்து மிக வேகமாகப் பீய்ச்சிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் உள்நோக்கிப் போகும் காற்று இல்லையென்றால் அது நாக்கிலும் தொண்டையின் பின்சுவரிலும் மோதி அங்கேயே ஒட்டிவிடும். நுரையீரலுக்குப் போய்ச் சேராது.

இப்போது முதல் படத்தைப் பாருங்கள். நாலாவது கட்டம்: "வாயில் வைத்து அழுத்தவும்." ஐந்தாவது கட்டம்: "ஆழமாக உள்ளிழுக்கவும்." இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு, ஒரு அம்புக்குறி. தெரிந்தவர்களுக்கு இதில் தவறே தெரியாது. எனக்கும் முதல் தடவை பார்த்தபோது தெரியவில்லை. மனதில் ஏற்கெனவே இருக்கும் அனுபவம் அந்த வெள்ளைக் கோட்டை அழித்துவிடுகிறது.

என் பெரியம்மாவிடம் கொடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர் வாழ்நாளில் இன்ஹேலரைக் கையில் தொட்டதில்லை. நாங்கள் பயிற்சிக்கு வைத்திருக்கும் மருந்தில்லாத இன்ஹேலரையும் உங்கள் படத்தையும் கொடுத்து, "பெரியம்மா, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், இதைப் பார்த்துச் செய்யுங்கள்" என்றேன். மூடியைக் கழற்றினார். நன்றாகக் குலுக்கினார். மூச்சை வெளியே விட்டார். வாயில் வைத்து அழுத்தினார். அப்புறம் படத்தைக் குனிந்து பார்த்தார். ஐந்தாவது கட்டத்தைப் படித்துவிட்டு, சட்டென்று ஒரு இழுப்பு இழுத்தார். அதற்குள் உதட்டு ஓரத்திலிருந்து வெள்ளைப் புகை மேலே எழுந்து போய்விட்டது. "ஏன் நடுவில் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டேன். "நாலாவது முடிந்தால்தானேப்பா அஞ்சாவது?" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எண் போட்ட கட்டங்களுக்கு நாம் எல்லோரும் சின்ன வயதிலிருந்து கற்றுக்கொண்ட பொருள் அதுதான்: ஒன்றை முடி, அடுத்ததற்குப் போ. பெரியம்மா படம் சொன்னதை அப்படியே செய்தார். ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு வேலைகளைத் தனித்தனிக் கட்டத்தில் போட்டால் படம் தவறான செய்முறையைக் கற்றுக்கொடுக்கிறது. எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது மாறாது.

அந்த ஐந்தாவது கட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. "ஆழமாக" என்ற சொல்லைப் படிக்கிறவர் "வேகமாக, பலமாக" என்றுதான் எடுத்துக்கொள்கிறார். படத்தில் இருப்பவரின் தோள் வேறு உயர்ந்திருக்கிறது. பெரியம்மாவின் மூச்சு ஒரு நொடியில் முடிந்துவிட்டது. பெரியவர்களுக்கு நாலைந்து நொடியாவது நீள வேண்டும். வேகமாக இழுத்தால் மருந்துத் துளிகள் தொண்டை வளைவில் திரும்ப முடியாமல் நேராகப் போய்ச் சுவரில் மோதும். மெதுவாக இழுத்தால் காற்றோடு சேர்ந்து வளைந்து உள்ளே போகும். ஆகவே இங்கே "ஆழமாக" என்பதைவிட "மெதுவாக" என்பதுதான் முக்கியமான சொல். அது படத்தில் எங்குமே இல்லை.

இனி இரண்டாவது படம். அதன் மூன்று வரிகளுக்கும் மூச்சு, விரல், உதடு என்று பெயர். ஒரு சதுரம் ஒரு நொடி. மூச்சுக் கோடு முதல் மூன்று சதுரங்களில் கீழே இறங்குகிறது, அது வெளியே விடும் மூச்சு. பிறகு ஐந்து சதுரங்களில் சாய்வாக, நிதானமாக மேலே ஏறுகிறது. அதன் பின் பத்து சதுரங்களுக்கு அசையாமல் நேராக ஓடுகிறது, அதாவது மூச்சை அடக்கும் நேரம். விரல் வரியில் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு. அது மூச்சுக் கோடு ஏறத் தொடங்கிய இடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. உதடு வரி, வாய்க்குழாயைச் சுற்றி உதடு எப்போது மூடியிருக்க வேண்டும் என்று காட்டுகிறது.

இதைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். பெரியம்மாவிடமே கொடுத்திருந்தால் முதல் படத்தில் கற்றது இதில் கலந்துவிடும், அதனால்தான் வேறு ஆள். அவர் முதலில் திணறினார் என்பதை மறைக்க விரும்பவில்லை. "இது என்ன, ஈசிஜியா?" என்று கேட்டார். இடமிருந்து வலமாக நேரம் ஓடுகிறது என்று அந்தப் படத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஒரு நிமிடம் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆள்காட்டி விரலை மூச்சுக் கோட்டின் மேல் வைத்து நகர்த்தினார், நகர்த்தும்போதே தன்னையறியாமல் மூச்சையும் அதோடு சேர்த்து விட்டு இழுத்தார். விரல் அந்தப் பொட்டுக்கு மேலே வந்ததும், "ஓ, இழுக்கும்போதே அழுத்தணும்" என்றார். யாரும் சொல்லாமல் அவரே கண்டுபிடித்தது அது. ஐந்து சதுரம் நீளமாக இருந்ததால் மூச்சும் நீளமாக வந்தது. "மெதுவாக" என்ற சொல் இந்தப் படத்திலும் இல்லை, ஆனால் கோட்டின் சாய்வே அதைச் செய்துவிட்டது.

ஆனால் கருவியை எடுத்து வாயில் வைத்தபோது தலைகீழாக வைத்தார். குப்பி கீழே, வாய்க்குழாய் மேலே. குப்பி மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும், வாய்க்குழாய் அடியில் வர வேண்டும். இரண்டாவது படத்தில் கையே கிடையாது. மூடியைக் கழற்றுவது இல்லை, குலுக்குவது இல்லை. வரைந்தவர் எடுத்த எடுப்பிலேயே கஷ்டமான இடத்துக்குப் போய்விட்டார். கருவியைப் பார்த்தே இராதவருக்கு அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதே முதல் கேள்வி என்பதை மறந்துவிட்டார். இந்த இடத்தில் முதல் படம் எவ்வளவோ மேல். அதன் முதல் கட்டத்தில் கட்டைவிரல் அடியிலும் ஆள்காட்டி விரல் குப்பியின் தலையிலும் இருக்கும்படி வரைந்திருப்பது மிக நல்ல படம். பெரியம்மா அதைப் பார்த்து ஒரே தடவையில் சரியாகப் பிடித்தார்.

ஆக, இரண்டில் எது மேல் என்று கேட்டால் பாதிப் பாதி என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். இரண்டாவதுதான். பிடிக்கும் விதம் தப்பானால் பக்கத்தில் இருப்பவர் பார்த்ததுமே திருத்திவிடலாம். அழுத்திவிட்டு அப்புறம் இழுக்கும் பழக்கம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஒருவர் மாதக்கணக்கில் அப்படியே எடுத்துக்கொண்டு, மருந்து கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். என்னிடம் அப்படி வருகிறவர்கள் நிறையப் பேர்.

இரண்டு படங்களிலுமே விட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும். தப்பாகச் செய்தால் எப்படித் தெரியும் என்று இரண்டும் சொல்லவில்லை. வாயோரத்திலோ வாய்க்குழாயின் மேலோ புகை எழுந்தால் அந்த மருந்து வீணானது என்று அர்த்தம். இதை ஒரு சின்னப் படமாகப் போட்டிருந்தால் பெரியம்மாவே கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் திருத்திக்கொண்டிருப்பார்.

இரண்டாவது அழுத்தல் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவர் இரண்டு தடவை எடுக்கச் சொல்லியிருந்தால் நடுவில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்கித்தான் எடுக்க வேண்டும். பல குப்பிகளில் மருந்து திரவத்தில் கரையாமல் மிதக்கும் தூளாக இருக்கும், சும்மா வைத்தால் பிரிந்துவிடும். முதல் படத்தில் ஆறாவது கட்டத்தோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆறிலிருந்து இரண்டுக்குத் திரும்பும் ஒரு வளைந்த அம்பு இருந்திருந்தால் போதும். பெரியம்மாவை இன்னொரு தடவை எடுக்கச் சொன்னபோது குலுக்காமல் நேரே வாயில்தான் வைத்தார். படத்தில் குலுக்குவது தொடக்கத்தில் ஒரு தடவைதானே இருக்கிறது!

இன்னொன்று, தலைப்பு. இரண்டுக்கும் "இன்ஹேலர் பயன்படுத்தும் முறை" என்றே போட்டிருக்கிறீர்கள். தூள் மருந்தை இழுக்கும் வகை வேறு. அதில் அழுத்துவதே கிடையாது, மூச்சையும் வேகமாக, பலமாக இழுத்தால்தான் தூள் கிளம்பும். இந்தப் படத்தைப் பார்த்து அதை மெதுவாக இழுத்தால் மருந்து கருவிக்குள்ளேயே தங்கிவிடும். தலைப்பில் "அழுத்தி எடுக்கும்" என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும், பக்கத்தில் எந்தக் கருவி என்று ஒரு படமும் வேண்டும்.

மறுபடி வெளியிடுவதாக இருந்தால் என் வேண்டுகோள் இது. முதல் படத்தின் முதல் இரண்டு கட்டங்களை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றிலிருந்து ஆறு வரை உள்ளதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டாவது படத்தின் மூச்சுக் கோட்டையும் விரல் பொட்டையும் ஒரே நீளக் கட்டமாகப் போடுங்கள். கோட்டின் இடது முனையில் "இங்கே விரலை வைத்து நகர்த்துங்கள்" என்று எழுதுங்கள், சித்தப்பா தானாகச் செய்ததைப் படமே சொல்லட்டும். கையும் மூச்சும் சேராதவர்களுக்கு ஸ்பேசர் என்ற குடுவை உண்டு, அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம் என்று ஓரத்தில் ஒரு வரி போடுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் அதை இன்ஹேலரே பார்த்திராத ஒருவரிடம் கருவியோடு கொடுத்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். புகை மேலே போன பிறகு பெரியம்மாவிடம் நான் கேட்டேன். "நல்லாப் புரிந்ததே" என்றுதான் சொன்னார்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்