ஊமை நாடகமா அது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பின் பயணக் கட்டுரையில், விமானம் கிளம்புமுன் பணிப்பெண்கள் காட்டும் பாதுகாப்பு விளக்கத்தை 'ஊமை நாடகம், அதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போடலாம்' என்று எழுதியிருக்கிறார் தங்கள் கட்டுரையாளர். நல்ல நகைச்சுவை. கிருஷ்ணகிரிக்குப் பயணிகள் ரயில் கேட்டு நாங்கள் எழுதும் கடிதங்களுக்கு இல்லாத இடம் இதற்குக் கிடைத்ததில் மகிழ்ச்சி.

2016 ஆகஸ்டில் திருவனந்தபுரத்திலிருந்து சென்ற போயிங் 777 துபாய் ஓடுபாதையில் மோதித் தீப்பிடித்தது தாங்கள் அறியாததல்ல. உள்ளே புகை சூழ்ந்தபோதும் சிலர் மேலே இருந்த பைகளையும் மடிக்கணினியையும் தேடிக்கொண்டிருந்ததைக் காணொளியில் உலகமே பார்த்தது. பயணிகளும் ஊழியர்களுமாக 300 பேரும் பிழைத்தார்கள். ஆனால் விமானம் நின்ற சுமார் ஒன்பது நிமிடத்தில் எரிபொருள் தொட்டி வெடித்து, ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார்.

பாதி வாசல்கள் மட்டும் திறந்தாலும் 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்த பிறகே பெரிய விமானங்களுக்கு அனுமதி தருகிறார்கள். பெட்டி இறக்குவதற்கு அந்தக் கணக்கில் நேரம் ஒதுக்கவில்லை. பெரும்பாலான உள்நாட்டு விமானங்களில் நடைபாதை ஒன்றே ஒன்று. ஒருவர் கையைத் தூக்கி நின்றால் பின்னால் இருப்பவர் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். சறுக்குப் பாதையில் பெட்டியோடு இறங்கினால் அது கிழியலாம், கீழே இருப்பவர் மண்டையும் உடையலாம்.

சென்ற மாதம் பெங்களூரிலிருந்து டெல்லி சென்றபோது எனக்கு 23ஆம் வரிசை. மொத்தம் 30 வரிசைகள். கடைசி வரிசைக்குப் பின்னே கதவு. முன்பக்கம் இறக்கைமேல் உள்ள அவசர வாசல் 13ஆம் வரிசையில். முன்னே பத்து, பின்னே ஏழு. ஏறிய வழியே ஓடியிருந்தால் தூரமான வாசலுக்குத்தான் போயிருப்பேன். புகையில் எண் பலகை தெரியாது. இருக்கை முதுகுகளைத் தொட்டு எண்ணித்தான் நகர வேண்டும். நான் எண்ணியதைப் பார்த்த பக்கத்து இருக்கைக்காரர், "சார், முதல் தடவையா?" என்று கேட்டார். தங்கள் கட்டுரையாளரின் உறவினராக இருக்கலாம்.

பஸ்ஸில் மட்டும் என்ன வாழ்கிறது? தருமபுரி பஸ் ஒன்றில் அவசர வழிக்கு முன்னால் மூட்டை அடுக்கியிருந்தார்கள். நடத்துநரிடம் சொன்னதற்கு, "இறங்கும்போது எடுத்துடுவாங்க" என்றார். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நடக்கும் விபத்துகளைப் பக்கம் பக்கமாக அச்சிடும் தங்களிடம் இதை வேறு சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் மூன்று வரி போடுங்கள்: இருபுறமும் வரிசைகளை எண்ணுங்கள், பாஸ்போர்ட்டையும் மருந்தையும் கிளம்புமுன்பே சட்டைப்பையில் வையுங்கள், பெட்டியை விட்டுவிடுங்கள். இடமில்லை என்றால் ராசி பலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.