திருச்சிப் பயணத்தின் டோல் கணக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொந்தக் காரில் ஆபீஸ் வேலையாகப் போய்வந்தால் கிளெய்ம் எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தாய். போன மாதம் திருச்சி போய்வந்த கணக்கையே சொல்கிறேன்.

காலை ஐந்து மணிக்குச் சென்னையில் கிளம்பினேன். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று ஆறு டோல்கேட். போக வர கணக்கில் பன்னிரண்டு பதிவுகள் இருக்க வேண்டும். போனில் வந்த எஸ்எம்எஸ்ஸை எண்ணினால் பதினொன்றுதான். அதனால் வங்கியின் ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்டை இறக்கிப் பார்த்தேன். விட்டுப்போன விக்கிரவாண்டி மறுநாள் தேதியில் கிடந்தது. கார் டோல்கேட்டைக் கடந்த நேரமும் வங்கி பணம் பிடித்த நேரமும் வேறுவேறு. கிளெய்மில் கடந்த நேரத்தைத்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பயணத் தேதியோடு பொருந்தாது.

சமயபுரத்தில் மட்டும் திரும்பும்போது ஏறக்குறைய பாதிதான் பிடித்திருந்தது. அது தவறில்லை. போகும்போது பத்து மணிக்குக் கடந்தேன், மறுநாள் ஒன்பது இருபதுக்குத் திரும்பிவிட்டேன். 24 மணி நேரத்துக்குள் அதே டோல்கேட்டுக்குத் திரும்பினால் அந்தச் சலுகை உண்டு. திருமாந்துறைக்கு வருவதற்குள் நேரம் தாண்டிவிட்டது, அங்கிருந்து முழுக் கட்டணம். போன கட்டணத்தை இரண்டால் பெருக்கி எழுதியிருந்தால் கூடுதலாகக் கேட்டதாகியிருக்கும்.

வழியில் ஃபாஸ்டேக்குக்கு 1,000 ரூபாய் ரீசார்ஜ் செய்தேன். அது செலவில் சேராது. டோலில் பிடித்ததுதான் செலவு. ரீசார்ஜையும் எழுதினால் ஒரே பணத்தை இரண்டு முறை கேட்பதாகும்.

திருச்சியில் காரை ஹோட்டலில் விட்டுவிட்டு டாக்ஸியில் துவாக்குடி போய்வந்தேன். அந்த டோல் டாக்ஸி பில்லுக்குள்ளேயே தனித் தொகையாக வந்துவிட்டது, அதனால் டோல் பகுதியில் அதைச் சேர்க்கவில்லை. பணம் கட்டிய ஸ்க்ரீன்ஷாட் போதாது, மெயிலில் வரும் பில்லைத்தான் இணைக்க வேண்டும். எங்கே ஏறினோம், எங்கே இறங்கினோம் என்பது அதில்தான் இருக்கும்.

பார்க்கிங் சீட்டை வாங்கிய இடத்திலேயே போட்டோ எடுத்துவிடு. அந்த வழவழப்பான தாள் சூடு பட்டால் கறுத்துவிடும், நாளானால் எழுத்து மங்கிவிடும். டேஷ்போர்டில் வைத்த ஒன்று வெயிலில் கறுத்துப்போய், 40 ரூபாயை நான் கேட்க முடியாமல் போனது. சின்னத் தொகைதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

கடைசியில் கிலோமீட்டர். கிளம்பும்போதும் வீடு சேர்ந்ததும் மீட்டரைப் படம் எடுத்தேன், 668 வந்தது. எங்கள் ஆபீஸில் கிலோமீட்டருக்கு 10 ரூபாய், ஆக 6,680. பெட்ரோலும் தேய்மானமும் அதற்குள் அடக்கம், அதனால் பெட்ரோல் பில் வைக்கவில்லை. டோலும் பார்க்கிங்கும் தனி.

உங்கள் ஆபீஸில் கிலோமீட்டருக்கு எவ்வளவு, அதில் எது எது அடக்கம் என்று முதலில் கேட்டுக்கொள். அடுத்த முறை திருச்சி வரும்போது இரவு உங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் போகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி