சட்டம் எப்போது சட்டமாகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில் ‘சட்டசபையில் புதிய சட்டம் நிறைவேறியது’ என்று தலைப்பு வந்திருந்தது. சட்டசபையில் நிறைவேறுவது மசோதாதான். ஒரு வார்த்தை மாறினால் என்ன என்று தோன்றலாம். வக்கீல் குமாஸ்தாவாக முப்பது வருஷம் கெஜட் புரட்டியவன் என்பதால் இதைச் சொல்கிறேன்: அந்த ஒரு வார்த்தையை நம்பி ஆட்கள் வந்து நிற்பார்கள்.

2022 அக்டோபரில் எங்கள் தெரு டீக்கடைக்காரர் கையில் பேப்பரோடு வந்தார். அவர் மகன் ஆன்லைன் ரம்மியில் கடனாளியாகியிருந்தான். “தடைச் சட்டம்தான் வந்துடுச்சே சார், ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தா அந்தக் கம்பெனிக்காரனைப் பிடிப்பாங்கல்ல?” என்றார். அப்போது வந்திருந்தது அவசரச் சட்டம். சட்டமன்றம் கூடியிராத நாளில், அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஆளுநர் பிறப்பிப்பது. அக்டோபர் 1-ல் ஆளுநர் கையெழுத்திட்டார், அரசிதழிலும் வெளியாகிவிட்டது. அமலில் இருக்கும் காலம் வரை அவசரச் சட்டத்துக்கும் சாதாரணச் சட்டத்துக்கும் பலத்தில் வித்தியாசம் கிடையாது. ஆனாலும் நான் ‘பொறுங்கள்’ என்றேன். காரணம் அதன் முதல் பிரிவிலேயே இருந்தது: அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் நாளில்தான் இது நடைமுறைக்கு வரும். அந்த அறிவிக்கை வரவில்லை. நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது அரசுத் தரப்பே அதைச் சொன்னது. கெஜட்டில் அச்சாகியும் ஒருநாள்கூட அமலாகாத அவசரச் சட்டம் அது.

அதற்கு ஆயுளும் குறைவு. அரசமைப்புச் சட்டத்தின் 213-வது பிரிவின்படி, சட்டமன்றம் மறுபடி கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் அதற்குப் பதிலாக ஒரு சட்டம் வந்தாக வேண்டும், வராவிட்டால் காலாவதி. அந்த வருஷம் சட்டமன்றம் கூடியது அக்டோபர் 17. அந்த நாளையும் சேர்த்து 42 நாள் எண்ணுங்கள், நவம்பர் 27-ல் வந்து நிற்பீர்கள்.

அக்டோபர் 19-ல் மசோதா நிறைவேறி ஆளுநர் மாளிகைக்குப் போனது. அங்கே இருக்கும்போதே நவம்பர் 27 கடந்துவிட்டது. அன்றிலிருந்து அவசரச் சட்டமும் இல்லை, சட்டமும் இல்லை. மசோதா மட்டும்தான். ஆனால் அந்த மாதங்களில் பல பத்திரிகைகள் ‘ஆளுநரிடம் கிடப்பில் உள்ள சட்டம்’ என்றே எழுதின. கையெழுத்து விழாத கிரயப் பத்திரத்தைக் காட்டி வீடு என்னுடையது என்பது மாதிரி.

2023 மார்ச்சில் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். மார்ச் 23-ல் பேரவை அதை மறுபடி நிறைவேற்றியது. அப்படி இரண்டாவது முறை நிறைவேறி வந்தால் ஒப்புதலை நிறுத்திவைக்க முடியாது என்கிறது 200-வது பிரிவு. ஏப்ரல் 7-ல் ஒப்புதல் கிடைத்தது. சட்டமன்ற மசோதாவாக இருந்தது அப்போதுதான் ‘2023-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டம் 9’ ஆனது. அதுவும் உடனே அமலாகவில்லை. அரசு தனியாக அறிவித்த நாள் ஏப்ரல் 21. பணம் வைத்து ஆடியவருக்கு மூன்று மாதம் வரை, ஆட்டத்தை நடத்துபவருக்கு மூன்று வருஷம் வரை சிறை என்று சொல்லும் சட்டம் இது. ஏப்ரல் 20-ம் தேதி ஆடியதற்காக யாரையும் இந்தச் சட்டத்தின்கீழ் தண்டிக்க முடியாது. தேதிக்கு அவ்வளவு கனம்.

‘கெஜட்டில் வந்துவிட்டதே’ என்று வாதிடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசிதழில் மசோதாவும் வரும், பெயர் மாற்ற விளம்பரமும் வரும். நான்காம் பாகத்தின் முதல் பிரிவு மசோதாக்களுக்கு. சட்டங்களும் அவசரச் சட்டங்களும் இரண்டாம் பிரிவில். கையில் இருக்கும் தாளில் மேலே எந்தப் பிரிவு என்று போட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிறகு உள்ளே, நடைமுறைக்கு வருவது உடனடியாகவா, அறிவிக்கை மூலமா என்று.

டீக்கடைக்காரர் ஏப்ரல் கடைசியில் மறுபடி வந்தார், இப்போதாவது எழுதிக் கொடுக்கலாமா என்று. இனி நடப்பதற்குக் கொடுக்கலாம், மகன் போன வருஷம் விட்டதற்கு இதில் வழியில்லை என்றேன். அதே 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும் ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று தீர்ப்பளித்தபோது அவர் கேட்க வரவேயில்லை.

தங்கள் நிருபர்களிடம் ஒரே வேண்டுகோள். இத்தகைய செய்திகளின் கடைசி வரியில், இது இப்போது மசோதாவா, அவசரச் சட்டமா, சட்டமா, எந்தத் தேதியிலிருந்து அமல் என்று போட்டுவிடுங்கள். தேதி அறிவிக்கப்படவில்லை என்றால் அதையே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
மதுரை