காலைப் பற்றி மட்டும்

சென்னிமலை,
ஞாயிறு காலை

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆபீஸ் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேனே என்று பார்க்காதே. போன மாதம் உங்கம்மா அனுப்பிய முறுக்கு டப்பா, 'இந்த முகவரியில் இல்லை' என்று சீட்டு ஒட்டித் திரும்பி வந்துவிட்டது. மழைக்குப் பயந்து கூரியர்க்காரன் எழுதியிருப்பான் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். ஆபீஸுக்கு வந்தால் உன் கைக்கு எப்படியும் வந்து சேரும்.

மூன்று வாரத்துக்கு முன் நீ கடைசியாகப் போன் செய்தபோது, ஜிம்மில் சேர்ந்ததாகவும், முதல் நாளே கால் முறிந்தது போலாகிவிட்டதாகவும், இரண்டாம் நாள் பாத்ரூமில் உட்கார முடியவில்லை, இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்றும் அம்மாவிடம் சொன்னாயாம். அப்புறம் போனே இல்லை. வேலை இருக்கும். நான் வேறொன்றும் கேட்கப்போவதில்லை, காலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவனுக்கு அதற்காவது உரிமை இருக்கிறதல்லவா?

திரும்பவும் போ. போன தடவை செய்த அதையே, அதே எண்ணிக்கையில் செய். அதற்கு மேல் வேண்டாம். இந்தத் தடவை பாதிகூட வலிக்காது. சமாதானத்துக்குச் சொல்லவில்லை, என் காலிலேயே செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மாசி மாதம் பக்கத்து வீட்டுத் தம்பியின் டி.வி.எஸ்ஸில் மலைமேல் போய் இறங்கிக்கொண்டேன். சாமி கும்பிட்டுவிட்டு, படி வழியாக இறங்க மட்டும் செய்தேன். அதற்கு ஒரு வாரம் முன்னால் இதைத் தலைகீழாகச் செய்திருந்தேன்: ஆயிரத்துக்கு மேற்பட்ட அந்தப் படிகளில் ஏறிப் போய், வண்டியில் திரும்பி வந்தேன். ஏறிய அன்று மூச்சு வாங்கியது, சட்டை பிழிகிற அளவு வேர்த்தது, ஆனால் மறுநாள் காலில் ஒன்றுமே தெரியவில்லை. இறங்கிய அன்று வேர்க்கக்கூட இல்லை. அடிவாரத்துக் கடையில் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை தொடை கனத்தது. அதற்கும் மறுநாள் உங்கம்மா பிடித்துத் தூக்கினால்தான் நாற்காலியிலிருந்து எழ முடிந்தது. நோட்டில் பத்துக்கு எட்டு என்று எழுதியிருக்கிறேன். ஐந்தாம் நாள்தான் ஒன்றுக்கு இறங்கியது.

மூன்று வாரம் கழித்து, அதே தம்பி, அதே வண்டி, அதே படிகள். நடுவில் ஒரு உடற்பயிற்சியும் செய்யவில்லை, வேண்டுமென்றேதான் சும்மா இருந்தேன். இரண்டாம் நாள் பத்துக்கு இரண்டு. நான்காம் நாள் எழுத ஒன்றுமில்லை. அறுபத்து நான்கு வயதுக் காலுக்கே இப்படியென்றால் உன் காலுக்கு என்ன?

ஏறும்போது தொடைச் சதை சுருங்கிக்கொண்டே உன்னைத் தூக்குகிறது. இறங்கும்போது உன் எடையைத் தாங்கிக்கொண்டே நீளவேண்டும். பழைய வீட்டுக் கிணற்றில் வாளியை மெதுவாக இறக்குவாயே, கயிற்றைப் பிடித்துக்கொண்டே விட்டுக்கொடுக்கவும் வேண்டும், கை எரியும். அது மாதிரிதான். சதை நாருக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு அறைகள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. நீளும்போது எல்லா அறையும் சமமாக நீள்வதில்லை. பலவீனமானவை அளவுக்கு மீறி இழுபட்டுக் குலைகின்றன. பிறகு உடம்பு அதைச் சரிசெய்ய ஆள் அனுப்புகிறது, அந்த இடம் வீங்கி, நரம்பு கூசத் தொடங்குகிறது. அதற்கு நேரம் பிடிக்கிறது. அதனால்தான் அன்றைக்கு வலிக்காமல் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வலிக்கிறது. ஜிம்மில் உன்னைச் செய்யச் சொன்ன ஸ்குவாட் நம் உக்கிதானே? உட்காரும் பாதிதான் அதில் வினை.

சரி, மறுமுறை ஏன் வலிப்பதில்லை? சதை பெருத்துவிட்டதா? இல்லை. ஒரே ஒரு நாள் வேலைக்குச் சதை பெருக்காது. நம் பிசியோ தம்பி சில கட்டுரைகளை அச்செடுத்துக் கொடுத்தான். கசுனோரி நொசாகா என்று ஒரு ஜப்பான்காரர், இதையே ஆயுள் முழுக்க ஆராய்கிறவர். கையை முழு பலத்தோடு எதிர்த்துக்கொண்டே நீட்டவைக்கும் பயிற்சியை அவர்கள் சிலருக்கு இரண்டே தடவை கொடுத்தார்கள், சிலருக்கு ஆறு தடவை. இரண்டு வாரம் கழித்து இருபத்துநான்கு தடவை செய்ய வைத்தபோது, இரண்டே தடவை செய்திருந்த கைக்குக்கூடப் பாதுகாப்பு கிடைத்திருந்தது. 2001-இல் வந்த கட்டுரை. அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காரணம் ஒன்றல்ல என்கிறார்கள். பழுதுபார்க்கும்போது உடம்பு அந்த அறைகளின் வரிசையில் புதிதாகச் சில அறைகளைக் கோத்துவிடுகிறது, ஒவ்வொன்றும் இழுபடும் அளவு குறைகிறது என்பது ஒன்று. நாரைச் சுற்றியுள்ள உறை கெட்டிப்படுகிறது என்பது இன்னொன்று. மூளையும் கற்றுக்கொள்கிறது, முதல் தடவை சில நார்களின் தலையில் ஏற்றிய பாரத்தை அடுத்த தடவை பல நார்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. வலது கையில் செய்தால் ஒன்றுமே செய்யாத இடது கைக்கும் கொஞ்சம் பாதுகாப்பு வருகிறதாம். இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் அவர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை.

இந்தப் பாதுகாப்பு சும்மா இருந்தாலும் பல வாரம் நிற்கும். கைச் சதையில் ஆறு மாதம் வரை பார்த்திருக்கிறார்கள், வருஷம் திரும்பினால் போய்விடுகிறது. மூன்று வாரம்தானே ஆகியிருக்கிறது உனக்கு. இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு, பிறகு அப்பா சொன்னாரே என்று போகாதே. இன்னொன்று, இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் வேலை செய்த சதைக்கு, செய்த வேலைக்குத்தான். தொடை பழகிவிட்டதென்று தோளுக்கு ஒரே நாளில் பாரம் ஏற்றினால் தோள் வலிக்கும். அந்தப் பயிற்சியாளர் பையன், "வலிக்கலைன்னா வேலை செய்யலை" என்று சொன்னால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வா. வலி குறைந்தால் பயன் குறைந்தது என்று அர்த்தமில்லை. முதல் நாள் பலம் குறைவது இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டாம் தடவை சீக்கிரம் திரும்பிவிடும். அதனால் அன்றைக்குப் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். நீ இப்போது எத்தனையாவது மாடியில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. எத்தனையாவதாக இருந்தாலும் பிடித்துக்கொள்.

தண்ணீர் குடி. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, தொடை கல் மாதிரி வீங்கினாலோ, மூன்று நாளுக்குப் பிறகும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, அது இந்த வலி இல்லை. சதை உடைந்து அதன் சத்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காதே, அது சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. தண்ணீர் குடி.

இது புத்தகத்தில் படித்து எழுதுவதில்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில், கோடை விடுமுறை முடிந்து வந்த முதல் நாள், எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு இருநூறு உக்கி கொடுத்தேன். எதற்கென்றுகூட ஞாபகமில்லை, வரிசையில் பேசியிருப்பார்கள். மூன்றாம் நாள் ஒருவனுக்குச் சிறுநீர் கறுத்துப் போனது. ஆறு நாள் சலைன் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். அவன் அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருக்கலாம். மற்றவர்கள் அந்த வாரம் முழுக்கப் படியில் பக்கவாட்டாக இறங்கினார்கள். லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கிறது, ஓடினால் கரைந்துவிடும் என்று மைதானத்தை இன்னும் நான்கு சுற்று ஓடவிட்டேன். அந்த அமிலம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடுகிறது, மூன்றாம் நாள் வலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முப்பத்தொரு வருஷமும் அமிலம்தான் காரணம் என்றே கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

உனக்கும் அதைத்தான் செய்தேன். ஒன்பதாவதில், மாவட்ட கோகோ தேர்வுக்கு மூன்று நாள் முன்னால். வாத்தியார் மகள் மற்றவர்களைவிட ஒரு படி மேலே இருக்கவேண்டும் என்று மொட்டை மாடியில் உன்னைத் தனியாக இருநூறு போட வைத்தேன். தேர்வு நாளன்று காலை நீ மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாய். நடிக்காதே என்றேன். உங்கம்மா தடுத்ததற்கு அவளையும் திட்டினேன். மைதானத்தில் நீ எழுந்து ஓட முடியாமல் நின்றதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கப்புறம் நீ கோகோ ஆடவில்லை. எதுவாக இருந்தாலும் வலிக்கிறது என்று என்னிடம் சொல்வதையும் நிறுத்திவிட்டாய். உனக்குப் பிடிவாதம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டு வாரம் முன்னால் இருபது போட வைத்திருந்தால் போதும், அம்மிணி. அந்தக் கட்டுரையைப் படித்த இரவு இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கம்மாவுக்கு நான் இதை எழுதியது தெரியாது. தெரிந்தால், காலைப் பற்றி எழுத இவ்வளவு காகிதமா என்பாள்.

கிழக்குப் பார்த்த அறையிலிருந்த பெட்ஷீட் மூட்டைகளைப் பட்டறைக்கே கொண்டுபோய்ப் போட்டாயிற்று. கட்டிலுக்குக் கயிறு மாற்றியிருக்கிறேன். கீழ் வீடுதான், படி ஏற இறங்க வேண்டியதில்லை. எந்த ரயிலில் வந்தாலும், நடு ராத்திரியானாலும், ஈரோடு வந்ததும் ஒரு போன் போடு. வண்டியோடு வருகிறேன். வந்ததும் எதையும் சொல்லவேண்டும் என்றில்லை.

அந்த முறுக்கு நமுத்துவிட்டது. இன்றைக்கு மறுபடி சுடுகிறாள்.

அப்பா